5 டன் ஹூக்: பிளேட்டில் வெட்டுவதா, ராடை வளைப்பதா, ஃபோர்ஜிங் வாங்குவதா?

சின்னதாக ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் போன மாதம் போனில் கேட்டார்: "சார், 50 எம்.எம். பிளேட் ஒரு துண்டு மிச்சம் கிடக்குது. 5 டன் ஹூக் ஒண்ணு அதுலயே வெட்டிக்கலாமா? கணக்கு போட்டுப் பார்த்தேன், ஸ்ட்ரெஸ் 97தான் வருது." அவர் கையில் இன்னும் இரண்டு வழிகள் இருந்தன. தடித்த உருண்டை ராடு ஒன்றைச் சூடேற்றி வளைக்கலாம். இல்லையென்றால் சோதனைச் சான்றிதழோடு வரும் ஃபோர்ஜிங் ஹூக்கைக் காசு கொடுத்து வாங்கலாம்.

அவர் சொன்ன 97 எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. நேரான பீமுக்குக் கல்லூரியில் சொல்லித்தரும் சூத்திரத்தை வளைந்த ஹூக்கின் மேல் அப்படியே போட்டிருக்கிறார். உண்மையான எண் 133 மெகாபாஸ்கல். மூன்று வழிகளில் எதை எடுப்பது என்பதற்கு இந்த இடைவெளிதான் பதில் வைத்திருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உள்பக்க இழை ஏன் அதிகம் அடி வாங்குகிறது

ஹூக்கின் முதுகுப் பக்கத்தை, வாயின் மையத்துக்கு நேர் கிடையாக, ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அதிகச் சுமை தாங்கும் வெட்டு. அவருடைய வரைபடத்தில் வாய்க்குள் 100 மி.மீ. விட்டம், அதாவது உள் ஆரம் 50 மி.மீ. அங்கிருந்து வெளியே 80 மி.மீ. ஆழம், ஆகவே வெளி ஆரம் 130. பிளேட்டின் தடிமன் 50. பரப்பு 4000 சதுர மி.மீ. 5 டன்னை வசதிக்காக 50 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த முதுகிலிருந்து 1 டிகிரி அகலத்துக்கு ஒரு மெல்லிய ஆப்பை, கேக் துண்டு போல, எடுத்துப் பாருங்கள். உள் ஓரத்தில் அதன் நீளம் 0.87 மி.மீ., வெளி ஓரத்தில் 2.27 மி.மீ. சுமை ஹூக்கை விரிக்கும்போது ஆப்பின் ஒரு முகம் மற்ற முகத்தைவிடக் கொஞ்சம் திரும்புகிறது. முகம் தட்டையாகவே இருக்கும் என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. நடுவில் உள்ள கோட்டைப் பற்றி முகம் திரும்பினால், உள் ஓரம் எவ்வளவு நீள்கிறதோ அதே அளவு வெளி ஓரம் சுருங்கும். நேரான பீமில் இதோடு கதை முடிந்தது, ஏனென்றால் இரண்டு ஓரத்து இழைகளுக்கும் நீளம் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. ஒரே அளவு நீட்சியை 0.87 மி.மீ. இழையும் அதே அளவு சுருக்கத்தை 2.27 மி.மீ. இழையும் வாங்கினால், குட்டை இழையில் திரிபு 2.6 மடங்கு அதிகம். தகைவும் அப்படியே.

அப்படி இருந்தால் உள்ளே இழுவிசை கூடி, வெளியே அமுக்குவிசை குறைந்து, வளைப்பு மட்டும் ஏற்படுத்தும் விசைகள் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் வராது. ஆனால் பூஜ்யம் வந்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி, திரும்பும் அச்சு நடுவை விட்டு உள்பக்கமாக நகர்வதுதான். நகர நகர இழுவிசை தாங்கும் பரப்பு குறைகிறது, அமுக்கப்படும் பரப்பு கூடுகிறது, ஓரிடத்தில் சமன் ஆகிறது. அந்த இடம்தான் நடுநிலை அச்சு. 1858ல் எமில் விங்க்லர் வெளியிட்ட இந்தக் கோட்பாட்டைத்தான் இன்றும் பாடத்தில் விங்க்லர்–பாக் சூத்திரம் என்று படிக்கிறோம்.

செவ்வக வெட்டுக்கு அந்த அச்சின் ஆரம் `rn = h / ln(ro/ri)`. h ஆழம், ri உள் ஆரம், ro வெளி ஆரம். நம் எண்களைப் போட்டால் 80ஐ 0.95551ஆல் வகுக்க வேண்டும், 83.72 மி.மீ. வருகிறது. பரப்பு மையம் 90ல் இருக்கிறது. ஆக, நகர்வு 6.28 மி.மீ. பார்க்கச் சின்னதுதான், ஆனால் தகைவுச் சூத்திரத்தில் இது வகுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது:

```
σ = P/A + M (rn − r) / (A e r)
P = சுமை, A = பரப்பு, M = P × R
R = பரப்பு மையத்தின் ஆரம், e = R − rn
r = தகைவு பார்க்கும் இடத்தின் ஆரம்
```

சுமைக் கோடு ஹூக் வாயின் மையம் வழியாகவே போனால் இது இன்னும் சுருங்கிவிடும்:

```
σ = (P/A) × (rn/e) × (R/r − 1)
```

இதில் ஒரு அழகு இருக்கிறது. ஆரம் R ஆக இருக்கும் இடத்தில் மொத்தத் தகைவு பூஜ்யம். அதாவது, வளைப்பின் நடுநிலை அச்சு உள்ளே 6.28 மி.மீ. நகர்ந்திருந்தாலும், நேரடி இழுவிசையைக் கூட்டியதும் மொத்தத் தகைவின் பூஜ்யக் கோடு மறுபடி பரப்பு மையத்துக்கே வந்துவிடுகிறது. மாணவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு, "அப்புறம் நடுநிலை அச்சு நகரவே இல்லையே" என்பார்கள். இவை இரண்டும் வேறு வேறு கோடுகள். முதலாவது வளைப்புக்கு மட்டும். இரண்டாவது எல்லாம் சேர்ந்தது.

சரி, எண்ணுக்கு வருவோம். பிளேட் ஹூக்கின் உள் ஓரத்தில் 133 மெகாபாஸ்கல் இழுவை, வெளி ஓரத்தில் 51 அமுக்கம். நேர்பீம் சூத்திரம் 97, 72 என்று சொன்னது. வெளியே இல்லாத சுமையைக் காட்டி, உள்ளே இருக்கும் சுமையை மறைத்திருக்கிறது. இதில் உள்ளே இருப்பது இழுவை என்பது முக்கியம். விரிசல் பிறப்பது அங்கேதான்.

எப்போது நேர்பீம் சூத்திரமே போதும்? வளைவின் ஆரம் ஆழத்தைப் போல 5 மடங்கு இருந்தால் செவ்வக வெட்டில் வளைப்புத் தகைவில் பிழை சுமார் 7 சதவீதம்தான். பெரிய வளைவுள்ள குழாய், வளைத்த ஃபிரேம் போன்றவற்றுக்கு அது தாங்கும். நம் ஹூக்கில் அந்த விகிதம் வெறும் 1.1. இங்கே வளைப்புத் தகைவு மட்டும் பார்த்தால் 30 சதவீதம் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

மூன்று வழிகள், ஒரே பரப்பு

நியாயமாக ஒப்பிட, மூன்றுக்கும் வெட்டுப் பரப்பை 4000 சதுர மி.மீ. என்றே வைத்தேன், உள் ஆரமும் 50தான். பிளேட்டுக்கு 50 × 80 செவ்வகம். ராடுக்கு 71.4 மி.மீ. விட்டமுள்ள வட்டம் (கடையில் இந்த அளவு கிடைக்காது, ஒப்பீட்டுக்காக மட்டும்). ஃபோர்ஜிங்குக்கு உள்ளே 70, வெளியே 30 அகலம், 80 ஆழமுள்ள சரிவகம். நிஜ ஃபோர்ஜிங்கில் எல்லா மூலையும் உருட்டியிருக்கும், அதனால் எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

| வெட்டு | நகர்வு (மி.மீ.) | உள் ஓரம் | வெளி ஓரம் | நேர்பீம் சூத்திரம் உள்ளே சொன்னது |
|---|---|---|---|---|
| செவ்வகம் | 6.28 | +133 | −51 | +97 |
| வட்டம் | 3.89 | +187 | −77 | +133 |
| சரிவகம் | 5.89 | +116 | −58 | +85 |

(தகைவு மெகாபாஸ்கலில்.)

வட்டம் படுதோல்வி. காரணம் எளிது: அதிகச் சுமை வரும் உள் ஓரத்தில் வட்டத்துக்கு அகலமே இல்லை, ஒரு புள்ளியாகக் குவிகிறது. எஃகின் பெரும்பகுதி நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆழம் குறைவாக இருப்பதால் அப்படி ஆகிறதோ என்று 80 மி.மீ. ராடையும் போட்டுப் பார்த்தேன். எஃகு 26 சதவீதம் கூடுகிறது, தகைவு 145க்குத்தான் இறங்குகிறது. அதாவது கால் பங்கு அதிக எஃகு போட்ட பிறகும் செவ்வகத்தைப் பிடிக்க முடியவில்லை.

ராடில் இன்னொரு தலைவலியும் உண்டு. 71 மி.மீ. ராடை இவ்வளவு சின்ன ஆரத்துக்கு வளைத்தால் வெளி இழை சுமார் 42 சதவீதம் நீள வேண்டும். சூடேற்றாமல் வளைக்கவே முடியாது, சூடேற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் உள்பக்கம் தடித்து, வெளிப்பக்கம் மெலிந்து, வட்டம் கொஞ்சம் முட்டை வடிவாகிவிடும். பட்டறையில் வளைத்த ராடு ஹூக்கைக் கேலிப்பரால் இரண்டு திசையில் அளந்தால் அந்த முட்டை வடிவம் தெரிந்துவிடும். சின்ன எடை தூக்கும் எஸ்-ஹூக்குக்கு ராடு போதும். 5 டன்னுக்கு இந்த வழியை ஒதுக்கிவிடலாம்.

சரிவகம் ஜெயிப்பது எதிர்பார்த்ததுதான். எங்கே தகைவு அதிகமோ அங்கே அகலத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இதில் கவனிக்க ஒன்று உண்டு. நேர்பீம் சூத்திரம் சரிவகத்துக்கு உள்ளே 85, வெளியே 83 என்று சொல்கிறது. அதை நம்பும் டிசைனர், "இரண்டு பக்கமும் சமம், இதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று பேனாவை வைத்துவிடுவார். உண்மையில் உள்ளே வெளியைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது.

அப்படியென்றால் இன்னும் அகலமாக்கினால்? உள்ளே 90, வெளியே 10 என்று கிட்டத்தட்ட முக்கோணமாக்கிப் பார்த்தேன். உள்ளே 116லிருந்து 110க்குத்தான் இறங்கியது. வெளியே 58லிருந்து 73க்கு ஏறிவிட்டது. நடுநிலை அச்சு வெட்டைத் துரத்திக்கொண்டே உள்ளே போகிறது, பரப்பு மையமும் கூடவே போகிறது, லாபம் கரைந்துவிடுகிறது. அதோடு வெளியே 10 மி.மீ. ஓரம் என்றால் ஒரு இடி வாங்கினாலே நசுங்கும். சரிவகத்தின் விகிதம் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

பிளேட்டா ஃபோர்ஜிங்கா

ஆக, உண்மையான போட்டி 133க்கும் 116க்கும் இடையில். 17 மெகாபாஸ்கல் வித்தியாசம், சுமார் 13 சதவீதம். இதற்காக மட்டும் என்றால் கையில் இருக்கும் பிளேட்டை விட்டுவிட்டு ஃபோர்ஜிங் வாங்கச் சொல்ல மாட்டேன். பிளேட்டைக் கொஞ்சம் ஆழமாக வெட்டினால் அந்த வித்தியாசம் போய்விடும். தயக்கம் வேறு மூன்று இடங்களில்.

முதலாவது, எஃகு. அவரிடம் இருந்தது சாதாரண ஐ.எஸ். 2062 இ-250 பிளேட். பெயரில் 250 இருந்தாலும், 40 மி.மீ.க்கு மேல் தடிமனுக்குக் குறைந்தபட்ச ஈல்டு, அதாவது எஃகு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் தகைவு, 230தான். அவர் கணக்கில் 230ஐ 97ஆல் வகுத்தால் 2.4 பாதுகாப்பு விகிதம். சரியான கணக்கில் 1.7. கிரேன் ஆபரேட்டர் முழுச் சுமையையும் சட்டென்று ஏற்றினால் தகைவு இரட்டிப்பாகும் என்று பாடத்திலேயே இருக்கிறது. 2.4 அதைத் தாங்கும், 1.7 தாங்காது, உள் ஓரம் ஈல்டு ஆகிவிடும். ஒரே தடவையில் உடையாது, அது நல்ல எஃகின் குணம். ஆனால் வாய் ஒரு மயிரிழை திறந்துகொள்ளும். திறந்தால் சுமைக்கும் முதுகுக்கும் உள்ள கை நீளும், கை நீண்டால் மொமென்ட் கூடும்.

இரண்டாவது, வெட்டிய ஓரம். கேஸ் கட்டிங் செய்த பிளேட்டின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செங்குத்தாக வரி வரியாக ஓடும் சின்னப் பள்ளங்கள், அங்கங்கே நெருப்பு தயங்கிய இடத்தில் ஒரு குழி. மேல்தோல் வேறு சூட்டில் கடினமாகியிருக்கும். இந்த வரிகள் ஓடுவது இழுவிசைக்குக் குறுக்காக, அதுவும் 133 மெகாபாஸ்கல் இருக்கும் அதே உள் ஓரத்தில். நாம் போட்ட சூத்திரத்துக்கு இந்தப் பள்ளங்கள் தெரியாது. அது வழவழப்பான ஓரத்துக்குச் சொன்ன எண். வெட்டத்தான் போகிறீர்கள் என்றால் உள் வளைவை இரண்டு மூன்று மி.மீ. அளவுக்கு கிரைண்டரில் எடுத்து, கடைசி ஓட்டம் வளைவின் நீளவாக்கில் போக வேண்டும். அப்புறம் விரிசல் இருக்கிறதா என்று டை-பெனிட்ரன்ட் போட்டுப் பார்க்க வேண்டும். பிளேட்டின் ரோலிங் திசை ஹூக்கின் முதுகு நெடுக ஓடும்படி துண்டைத் திருப்பி வைத்து வெட்டுவதும் அவசியம்.

ஃபோர்ஜிங்கில் உலோகத்தின் இழைகள் வளைவோடு சேர்ந்து வளைந்து ஓடுகின்றன. பிளேட்டில் ஒரே திசையில் நேராக ஓடி, ஹூக்கின் அடிப்பக்கத்தில் குறுக்கே வெட்டுப்படுகின்றன. ஃபோர்ஜிங்குக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

பிளேட் ஹூக்கே தப்பு என்று சொல்ல வரவில்லை. இரும்பாலைகளில் உருகிய எஃகு நிரம்பிய லேடிலைத் தூக்கும் கிரேன்களில் பிளேட் ஹூக்குகளைத்தான் தொங்கவிடுகிறார்கள். ஆனால் அது ஒரே தடித்த பிளேட் இல்லை. பல மெல்லிய பிளேட்டுகளை அடுக்கி ரிவெட் அடித்தது. ஒரு பிளேட்டில் விரிசல் விட்டால் அது பக்கத்துப் பிளேட்டுக்குத் தாவாது, பார்த்து மாற்ற நேரம் கிடைக்கும். தம்பியிடம் இருந்த ஒற்றைப் பிளேட்டுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுவது. மேலே போட்ட எல்லாக் கணக்கும் சுமைக் கோடு வாயின் மையம் வழியாகப் போகிறது என்று வைத்துப் போட்டது. பெல்ட் ஸ்லிங் அடியில் சரியாக உட்காராமல் நுனிப் பக்கம் தொற்றிக்கொண்டு, கோடு 20 மி.மீ. வெளியே நகர்ந்தால் என்ன ஆகும்? சரிவகத்தில் 116 என்பது 140 ஆகிறது, செவ்வகத்தில் 133 என்பது 160 ஆகிறது. வெட்டு வடிவத்தை மாற்றி நாம் சம்பாதித்த 17ஐ ஒரு சோம்பேறி ஸ்லிங் வட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பிளேட் ஹூக்கில் இது நடக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதன் உள் முகம் தட்டை, ஓரம் சதுரம். ஸ்லிங் அதில் வழுக்கி அடிக்கு வராமல் ஓரத்தில் மடிந்து மாட்டிக்கொள்ளும், பெல்ட்டும் அறுபடும். ஃபோர்ஜிங்கின் உள் முகம் உருண்டு இருப்பதால் ஸ்லிங் தானாக அடியில் போய் உட்காரும்.

வாயைச் சின்னதாக்கலாமா என்றும் அவர் கேட்டார். வளைவு கூர்மையானால் தகைவு கூடும் என்று பயந்தார். பயம் பாதி சரி. உள் ஆரத்தை 50லிருந்து 40 ஆக்கினால் நேர்பீம் எண்ணுக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. ஆனால் சுமைக்கும் முதுகுக்கும் உள்ள கையும் குறைவதால் மொத்தத்தில் 133 என்பது 127 ஆகக் குறைகிறது. ஸ்லிங் நுழையும் அளவுக்குமேல் வாயைப் பெரிதாக வைக்காமல் இருப்பதே லாபம்.

கணக்குப் போடும்போது கால் வழுக்கும் இடம்

இந்த ஒப்பீட்டை நீங்களே உங்கள் அளவுகளுக்குப் போட்டுப் பார்ப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நகர்வு என்பது 90லிருந்து 83.72ஐக் கழித்து வரும் சின்ன எண். இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம் என்பதால், ஆரம்பத்தில் விடும் சிறு பிழை இங்கே ஊதிப் பெரிதாகிவிடும். 2.6இன் இயல்மடக்கை 0.95551. அதை 0.96 என்று முழுமையாக்கிவிட்டால் பிழை அரை சதவீதம்தான். ஆனால் நடுநிலை அச்சு 83.33க்குப் போய், நகர்வு 6.67 ஆகி, உள் ஓரத் தகைவு 125 என்று வருகிறது. அரை சதவீதம் 6 சதவீதமாகிவிட்டது, அதுவும் ஆபத்தான திசையில். கால்குலேட்டரில் குறைந்தது ஐந்தாறு இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள், இடையில் எங்கும் வெட்டாதீர்கள்.

மொத்தத் தகைவு பரப்பு மையத்தில் பூஜ்யமா என்று சோதித்தால் இந்தப் பிழை அகப்படாது. நடுநிலை அச்சு தப்பாக இருந்தாலும் அந்தச் சோதனை தேறிவிடும், சூத்திரத்தின் அமைப்பே அப்படி. வேறு சோதனை இருக்கிறது: நகர்வு தோராயமாக `I / (A R)` அளவு வர வேண்டும், I என்பது வழக்கமான நிலைமத் திருப்புத்திறன். நம் செவ்வகத்துக்கு அது 5.93, சரியான 6.28 அதோடு 6 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது. தப்பான 6.67 பன்னிரண்டு சதவீதம் விலகி நிற்கிறது, அப்போதே சந்தேகம் வந்துவிட வேண்டும்.

மற்ற இரண்டு வடிவங்களுக்கு:

```
வட்டம்:   rn = (R + √(R² − c²)) / 2      c = வட்டத்தின் ஆரம்
சரிவகம்:  rn = A / [ (bi·ro − bo·ri)/h · ln(ro/ri) − (bi − bo) ]
          bi = உள் அகலம், bo = வெளி அகலம்
```

கணினியில் எஃப்.இ.எம். போட்டால் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. உருட்டிய மூலை, நுனியின் வளைவு, ஸ்லிங் தொடும் இடத்தின் நசுங்கல் இவற்றுக்கு அதுதான் வழி. முதுகு வெட்டுக்கு மட்டும் என்றால் கையால் போடும் இந்தக் கணக்கே போதும்; எஃப்.இ.எம். எண் இதிலிருந்து 20 சதவீதம் விலகினால் முதலில் உள் ஓரத்து மெஷ்ஷைப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இந்தச் சூத்திரம் கெட்டியான வெட்டுக்கானது. ஐ, டி வடிவ வெட்டுகளை வளைத்துச் செய்த ஃபிரேமில் மெல்லிய ஃபிளாஞ்சே குறுக்கே வளைந்துகொடுக்கும், அங்கே இது குறைத்துச் சொல்லும்.

தம்பி கடைசியில் ஃபோர்ஜிங் ஹூக்கே வாங்கினார். வாய் விரிகிறதா என்று பின்னால் அளந்து பார்க்க, மாட்டுவதற்கு முன்னால் வாயின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டர் பஞ்ச் புள்ளி அடிக்கச் சொன்னேன். புள்ளிக்குப் புள்ளி அளவை ரெஜிஸ்டரில் எழுதி வைத்திருக்கிறார். தூக்கும் சாதனங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும். அவர் மாதம் ஒருமுறை தானே வெர்னியரை எடுத்துக்கொண்டு போய் அளக்கிறார். அந்த 50 எம்.எம். பிளேட் இப்போது பிரஸ்ஸுக்கு அடியில் பேக்கிங்காகக் கிடக்கிறது.